குழுவில் வந்த வீடியோ அசல் அல்ல: உறவினர்களின் ஃபோன்களிலிருந்து முழுத் தரக் காட்சிகளைச் சேகரிப்பது

பாட்டியின் 80வது பிறந்தநாளுக்கு எடுத்த காட்சிகளையெல்லாம் ஒன்றாகத் தொகுத்து ஒரு படமாகக் கொடுக்கிறேன் என்று நானே வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். "எல்லாரும் அவங்கவங்க எடுத்ததை குரூப்ல போடுங்க" என்றேன். இரண்டே நாளில் 46 வீடியோக்கள் வந்து குவிந்தன. ஃபோனில் பார்த்தபோது எல்லாம் அழகாகத்தான் இருந்தன. தொகுத்து டிவியில் போட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. பாட்டியின் முகத்தில் சுருக்கங்களே இல்லை. வயது குறைந்துவிட்டதாக மகிழ முடியவில்லை, ஏனென்றால் கண்ணிமையும் இல்லை. பின்னாலிருந்த கூட்டம் சதுரம் சதுரமாக நெளிந்தது. யாராவது கையை வேகமாக அசைத்தால் அந்தக் கை கரைந்து போனது.

தவறு என்னுடையதுதான். செய்திச் செயலியின் குழு என்பது வீடியோவைக் காட்டுவதற்கான இடம், ஒப்படைப்பதற்கான இடம் அல்ல. இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதால்தான் இவ்வளவு குழப்பம். அங்கே உண்மையில் என்ன நடக்கிறது, அசலை எந்த வழியில் கேட்டு வாங்குவது, வந்தது அசல்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை அந்த 46 வீடியோக்களை வைத்தே சொல்கிறேன்.

அனுப்பும்போது என்ன நடக்கிறது

ஃபோன் கேமரா ஒரு வீடியோவை எடுக்கும்போதே அதைச் சுருக்கித்தான் சேமிக்கிறது. சுருக்காமல் வைத்தால் சில நிமிடங்களிலேயே ஃபோன் நிரம்பிவிடும். ஐஃபோனின் கேமரா அமைப்புகளிலேயே இந்தக் கணக்கு எழுதியிருக்கும்: நொடிக்கு 30 படங்கள் வீதம் 1080p தரத்தில் எடுத்தால் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 60 எம்பி, அதே வேகத்தில் 4K என்றால் 170 எம்பி. இது புதிய, அதிகம் சுருக்கும் முறையில் எடுத்தால் வரும் கணக்கு. பழைய, எங்கும் ஓடக்கூடிய முறையில் எடுக்கும் ஃபோன்களில் 1080p வீடியோவே நிமிடத்துக்கு 100 முதல் 130 எம்பி வரை போகும்.

இந்தக் கோப்பை ஒரு செய்திச் செயலியில் வீடியோவாக அனுப்பினால், அந்தச் செயலி அதை அப்படியே எடுத்துச் செல்வதில்லை. ஃபோனிலேயே வீடியோவைப் பிரித்து, படத்தின் நீள அகலத்தைக் குறைத்து, மறுபடியும் மிக இறுக்கமாகச் சுருக்கி, புதிதாக ஒரு வீடியோவை உருவாக்கி அதைத்தான் அனுப்புகிறது. 1080p வீடியோவின் ஒவ்வொரு படத்திலும் 1920×1080, அதாவது ஏறத்தாழ 20 லட்சம் புள்ளிகள். அது 848×480 ஆகக் குறைக்கப்பட்டால் சுமார் 4 லட்சம் புள்ளிகளே மிச்சம். ஐந்தில் நான்கு பங்கு போய்விட்டது. மிச்சமுள்ள புள்ளிகளுக்கும் தாராளமாக இடம் ஒதுக்குவதில்லை. சமமான பரப்புகளை ஒரே வண்ணமாகப் பூசிவிட்டு, அசையும் இடங்களைச் சதுரங்களாக வைத்து ஒப்பேற்றுகிறது. உள்ளங்கை அளவுத் திரையில் இது கண்ணுக்குப் படாது. டிவியில் அந்த 4 லட்சம் புள்ளிகளை இழுத்து விரிக்கும்போது படும்.

செயலியைக் குறை சொல்லவும் முடியாது. ஒரு நிமிட வீடியோ பலவீனமான இணைப்பிலும் சட்டென்று போய்ச் சேர வேண்டும், குழுவில் இருக்கும் அத்தனை ஃபோன்களையும் அடைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. அதன் வேலைக்கு அது சரி. என் வேலைக்குத்தான் அது உதவாது.

இங்கே ஒரு சொல்லைப் பிரித்துப் பார்க்க வேண்டும். "சுருக்குவது" என்று நாம் இரண்டு வெவ்வேறு செயல்களைச் சொல்கிறோம். ஒரு கோப்பை ஜிப் செய்வதும் சுருக்குவதுதான். ஆனால் அதைத் திறந்தால் உள்ளே போட்டது ஒரு துளி குறையாமல் திரும்ப வரும். போர்வையை மடித்துப் பெட்டியில் வைப்பது போல. செய்திச் செயலி செய்வது வேறு. அது போர்வையை வெட்டிக் கைக்குட்டை ஆக்கி அனுப்புகிறது. வெட்டிப் போட்ட துணி வந்து சேராது. எந்த மென்பொருளைக் கொண்டு பெரிதாக்கினாலும், அது ஊகித்து வரைந்த விவரமாக இருக்குமே தவிர, கேமரா பார்த்த விவரமாக இருக்காது. அப்படிப்பட்ட வீடியோவை ஒருவர் மற்றொருவருக்கு அனுப்ப, அவர் அதைச் சேமித்து வெட்டி இன்னொருவருக்கு அனுப்ப, ஒவ்வொரு முறையும் கத்தரி புதிதாக விழலாம்.

"HD போட்டு அனுப்பினேனே" என்பார்கள். வாட்ஸ்அப்பில் 2023இல் வந்த அந்தப் பொத்தான் சுருக்கத்தைக் கொஞ்சம் தளர்த்துகிறது, நிறுத்துவதில்லை. வீடியோவுக்கு அது அறிமுகமானபோது தந்தது 720p. சாதாரணமாக அனுப்புவதைவிட நன்றாக இருக்கும், ஆனாலும் அசல் அல்ல.

முதல் கேள்வி: இதை எடுத்தது யார்?

எப்படி அனுப்பச் சொல்வது என்பதைவிட இது முக்கியம் என்று அனுபவப்பட்ட பிறகுதான் தெரிந்துகொண்டேன். அத்தையிடம் பேசியது அப்படியே நினைவிருக்கிறது.

"அத்தை, பாட்டி கேக் வெட்டுற வீடியோ நீங்க எடுத்ததா?"

"ஆமாடா, என் ஃபோன்லதான் இருக்கு."

"உங்க ஃபோன்ல இருக்கு சரி. நீங்க கேமராவுல எடுத்ததா, யாராவது அனுப்பினதா?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "உங்க பெரியம்மா அனுப்பினா போல."

அத்தை பொய் சொல்லவில்லை. கேலரியைத் திறந்தால், எடுத்ததும் வந்ததும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே மாதிரி நிற்கும். அத்தையிடமிருந்து எவ்வளவு நல்ல வழியில் வாங்கினாலும் கிடைக்கப்போவது பெரியம்மா அனுப்பிய கைக்குட்டைதான். குழுவில் வந்த 46இல் 7 இப்படிப்பட்ட மறுபிரதிகள். தனித்தனி வீடியோக்கள் 39. எடுத்தவர்கள் 10 பேர். இந்தப் பட்டியலைப் போட்ட பிறகு, குழுவிலிருந்த 23 பேரைத் துரத்த வேண்டிய வேலை 10 பேரோடு முடிந்தது.

எடுத்தவர் யார் என்பதைப் பெரும்பாலும் கோப்பின் பெயரே காட்டிக்கொடுக்கும். ஆண்ட்ராய்டு ஃபோனில் வாட்ஸ்அப் வழியாக வந்த வீடியோவுக்கு `VID-20240512-WA0007.mp4` என்ற வடிவில் பெயர் இருக்கும். நடுவில் WA என்று இருந்தால் அது வந்தது, எடுத்தது அல்ல. கேமரா எடுத்ததற்கு `VID_20240512_183012.mp4` அல்லது `20240512_183012.mp4` என்பது போலத் தேதியோடு நேரமும் இருக்கும். கூகுளின் பிக்சல் ஃபோன்களில் `PXL_` என்று தொடங்கும். ஐஃபோனில் `IMG_0412.MOV` மாதிரி இருக்கும். ஆண்ட்ராய்டில் இன்னொரு அடையாளம், எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பது. கேமரா எடுத்தவை DCIM என்ற ஃபோல்டருக்குள் Camera என்பதில் இருக்கும்.

எடுத்தவர் அழித்துவிட்டிருந்தால்? குப்பைத்தொட்டியைப் பார்க்கச் சொல்லுங்கள். ஐஃபோனில் அழித்த வீடியோ "Recently Deleted" என்ற இடத்தில் 30 நாட்கள் இருக்கும். கூகுள் போட்டோஸில் ஏற்கெனவே மேகத்தில் ஏறியவை 60 நாட்களும் ஏறாதவை 30 நாட்களும் இருக்கும். அதனால் இந்த வேலையை நிகழ்ச்சி முடிந்த வாரமே தொடங்குவது நல்லது. நான் இரண்டரை மாதம் கழித்துத் தொடங்கினேன். சித்தப்பா எடுத்த 4 வீடியோக்கள் அதற்குள் போய்விட்டன. "குரூப்ல போட்டாச்சே, இனி எதுக்குன்னு அழிச்சுட்டேன்" என்றார். நான்தானே குரூப்பில் போடச் சொன்னேன்!

அதே செயலியில், வேறு வாசல் வழியாக

வயதானவர்களிடம் புதிதாக ஒரு செயலியை நிறுவச் சொல்வதற்குமுன், அவர்கள் கையில் இருப்பதையே பயன்படுத்த முடியுமா என்று பாருங்கள். முடியும். வீடியோவை வீடியோவாக அனுப்பாமல் கோப்பாக அனுப்பினால், செயலி அதற்குள் கை வைப்பதில்லை. உள்ளே இருப்பது வீடியோவா கணக்குப் புத்தகமா என்றே பார்க்காமல் எடுத்துப்போய்ச் சேர்த்துவிடும்.

வாட்ஸ்அப்பில், அரட்டையைத் திறந்து இணைப்புக் குறியைத் தொட்டு, "Gallery" என்பதற்குப் பதிலாக "Document" என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் அங்கிருந்து கோப்புகளுக்குள் போய் DCIM, அதற்குள் Camera என்று நுழைந்து வீடியோவைத் தொட்டால் போதும். ஐஃபோனில் ஒரு படி கூடுதல்: முதலில் போட்டோஸ் செயலியில் வீடியோவைத் திறந்து, பகிரும் குறியைத் தொட்டு, "Save to Files" என்று ஃபோனிலேயே சேமித்துவிட்டு, பிறகு வாட்ஸ்அப்பின் "Document" வழியாக அந்தக் கோப்பை எடுக்க வேண்டும். சுற்றுவழி போலத் தோன்றும். ஆனால் ஐஃபோனில் வீடியோ, போட்டோஸிலிருந்து வேறு செயலிக்குப் போகும் வழியில்தான் சில சமயம் சத்தமில்லாமல் சுருங்குகிறது, அதனால் இந்தச் சுற்றுவழியே பாதுகாப்பு. ஒரு கோப்பு 2 ஜிபி வரை போகலாம். வீட்டு நிகழ்ச்சியில் எடுக்கும் வீடியோக்கள் அதைத் தாண்டுவது அரிது. டெலிகிராமிலும் இதே வசதி உண்டு, கோப்பாக அனுப்பு என்று தேர்ந்தெடுக்க வேண்டும், வரம்பும் கட்டணமில்லாத கணக்கில் 2 ஜிபிதான்.

சரியான வாசல் வழியாக வந்ததா என்பதை அரட்டையிலேயே பார்த்துவிடலாம். வீடியோவாக வந்தால் பெரிய படமும் நடுவில் ஓடவிடும் முக்கோணமும் இருக்கும். கோப்பாக வந்தால் கோப்பின் பெயரும் அளவும் எழுதிய சிறு பட்டையாக இருக்கும். அத்தையிடம் விளக்குவதற்கு இதைவிட எளிதான அடையாளம் கிடையாது: "படம் தெரிஞ்சா தப்பு, பேரு தெரிஞ்சா சரி."

இப்படி அனுப்புவதைக் குழுவில் செய்ய விடாதீர்கள். 100 எம்பி கோப்பு ஒன்றைக் குழுவில் போட்டால் தானாக இறங்கும் வசதி உள்ள ஃபோன்களிலெல்லாம் அது இறங்கும். பத்துக் கோப்புகள் போனால் யாரோ ஒருவரின் ஃபோன் நிரம்பி, அவர் கோபத்தில் எதையெல்லாம் அழிக்கிறார் என்று சொல்ல முடியாது. தனிப்பட்ட அரட்டையில் உங்களுக்கு மட்டும் அனுப்பட்டும். நீங்களும் வந்தவுடன் இறக்கிக் கணினியில் வைத்துவிடுங்கள். அரட்டையைக் கிடங்காக நம்பியிருந்தால், சில வாரம் கழித்துத் தொடும்போது கோப்பு கிடைக்காமல் போகலாம்.

இணைப்பு கொடுத்து வாங்குவது

மூன்று நான்கு வீடியோவுக்கு மேல் வைத்திருப்பவர்களிடம் ஒவ்வொன்றாகக் கோப்பாக அனுப்பச் சொன்னால் பாதியில் விட்டுவிடுவார்கள். அவர்களுக்கு ஒரு இணைப்பு கொடுத்து, அதில் ஏற்றச் சொல்வதே நல்லது. இங்கே பலர் கவனிக்காத ஒன்று, ஏற்றும் கோப்பு யாருடைய இடத்தைத் தின்கிறது என்பது.

கூகுள் டிரைவில் ஒரு ஃபோல்டரை உருவாக்கி எல்லோரோடும் பகிர்ந்தால், ஏற்றும் கோப்புக்கு ஏற்றியவரே உரிமையாளர். அவருடைய 15 ஜிபியில்தான் அது கழியும். அந்த 15 ஜிபி மின்னஞ்சலுக்கும் போட்டோஸுக்கும் சேர்த்துத்தான். பெரும்பாலான உறவினர்களுக்கு அது என்றோ நிரம்பியிருக்கும். "ஏத்தினேன், ஏறவே இல்ல" என்று அவர்கள் சொல்வதற்குப் பாதி நேரம் இதுதான் காரணம். இதில் இன்னொன்றும் உண்டு. பிறகு இடம் போதவில்லை என்று அவர் தன் கோப்பை அழித்தால், உங்கள் ஃபோல்டரிலிருந்தும் அது போய்விடும். ஃபோல்டரில் இருக்கிறதே என்று சும்மா இருக்காமல் இறக்கிக்கொள்ள வேண்டும்.

கூகுள் ஃபார்ம்ஸில் கோப்பு ஏற்றும் கேள்வி ஒன்றை வைத்தால் கணக்கு தலைகீழாகும்: கோப்புகள் படிவம் தயாரித்த உங்கள் டிரைவுக்கு வரும், உங்கள் இடம் கழியும். அனுப்பியவரின் பெயரும் கோப்பின் பெயரோடு தானாக ஒட்டிக்கொள்ளும். அமைக்கும்போது, ஒரு கோப்பின் உச்ச அளவை 1 ஜிபி அல்லது 10 ஜிபி என்றும், எத்தனை கோப்புகள் என்பதைப் 10 என்றும் மாற்ற மறக்காதீர்கள். மொத்தப் படிவத்துக்கும் முதலில் 1 ஜிபி வரம்புதான் இருக்கும், அதையும் அமைப்புகளில் உயர்த்த வேண்டும். குறை ஒன்று: அனுப்புபவர் கூகுள் கணக்கில் நுழைந்திருக்க வேண்டும்.

எந்தக் கணக்கும் இல்லாதவருக்கு டிராப்பாக்ஸின் கோப்புக் கோரிக்கை நல்லது. இணைப்பைத் திறந்து, பெயர் எழுதி, ஏற்றிவிட்டுப் போகலாம். மற்றவர்கள் ஏற்றியதை அவர் பார்க்கவும் முடியாது. ஆனால் கட்டணமில்லாத கணக்கில் உங்களுக்கு மொத்தமே 2 ஜிபிதான். என் தேவை அதைவிட அதிகம், ஆகவே நான் படிவத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

பகிர்ந்த ஆல்பங்களை மட்டும் நான் இந்த வேலைக்குப் பரிந்துரைக்க மாட்டேன். அவை பார்ப்பதற்கு இனிமையானவை. ஆனால் கூகுள் போட்டோஸில் உறவினரின் ஃபோன் "Storage saver" அமைப்பில் இருந்தால், 1080pக்கு மேற்பட்ட வீடியோ குறைக்கப்பட்டே ஏறும். ஆல்பத்தில் நீங்கள் பார்ப்பது அந்தக் குறைந்த பிரதிதான். 10 பேர் ஃபோனில் அந்த அமைப்பு என்னவாக இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருக்க முடியாது.

ஏற்றும்போது நடப்பவை இரண்டைச் சொல்லிவைத்தால் பாதித் தொலைபேசி அழைப்புகள் மிச்சம். முதலாவது நேரம். 500 எம்பி கோப்பை நொடிக்கு 5 மெகாபிட் வேகத்தில் ஏற்ற 13, 14 நிமிடம் பிடிக்கும். வீட்டு இணையத்தில் இறக்கும் வேகம் எவ்வளவு இருந்தாலும் ஏற்றும் வேகம் பல இடங்களில் அதில் சிறு பங்குதான். அந்நேரம் ஃபோன் திரை அணைந்தாலோ வேறு செயலிக்குப் போனாலோ உலாவியில் ஏறிக்கொண்டிருப்பது நின்றுவிடலாம். திரையை விழித்திருக்க விட்டு, சார்ஜில் போட்டு, வைஃபையில் ஏற்றச் சொல்லுங்கள். இரண்டாவது, ஐஃபோன் உலாவி. ஏற்றும் பக்கத்தில் "Photo Library" வழியாக வீடியோவைத் தேர்ந்தெடுத்தால் ஃபோனே அதைச் சுருக்கிக் கொடுத்துவிடக்கூடும். முன்பு சொன்ன அதே மருந்துதான்: "Save to Files" செய்துவிட்டு, ஏற்றும்போது கோப்புகளிலிருந்து தேர்ந்தெடுப்பது.

வந்தது அசல்தானா?

கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முக்கியமாக டிரைவில் ஓடவிட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அங்கே ஓடுவது பார்ப்பதற்காக டிரைவ் தயாரித்த இலகுவான பிரதி. ஏற்றியவுடன் பார்த்தால் மங்கலாகவே இருக்கும், உள்ளே அசல் பத்திரமாக இருந்தாலும்கூட. இறக்கிய பிறகுதான் பார்க்க வேண்டும்.

நான் பயன்படுத்தும் சோதனை ஒரே ஒரு வகுத்தல்: கோப்பின் அளவை எம்பியில் எடுத்து, எத்தனை நிமிடம் ஓடுகிறதோ அதால் வகுப்பது. மாமா எடுத்த வாழ்த்துரை வீடியோ 1 நிமிடம் 42 நொடி, அதாவது 1.7 நிமிடம். குழுவில் வந்தது 15 எம்பி. வகுத்தால் நிமிடத்துக்கு 9 எம்பிகூட இல்லை. படிவம் வழியாக வந்ததோ 102 எம்பி. வகுத்தால் சரியாக 60. அவர் வைத்திருப்பது ஐஃபோன், எடுத்தது 1080p. கணக்கு ஒத்துப்போகிறது.

எல்லாமே அப்படி ஒத்துப்போகவில்லை. அதே மாமாவின் மகள் ஏற்றிய ஐந்து வீடியோக்களில் மூன்று, நிமிடத்துக்கு 60 எம்பி பக்கத்தில் இருந்தன, இரண்டு மட்டும் 22 எம்பி. ஒரே ஃபோன், ஒரே நாள், ஒரே அமைப்பு. ஒளி குறைந்தாலும் காட்சி அசையாமல் இருந்தாலும் கொஞ்சம் ஏற்ற இறக்கம் இருக்கும், ஆனால் மூன்றில் ஒரு பங்காக விழாது. கேட்டபோது தெரிந்தது, முதல் மூன்றைக் கணினியில் போட்டு அங்கிருந்து ஏற்றியிருக்கிறாள். கடைசி இரண்டை ஃபோன் உலாவியிலிருந்து நேரே ஏற்றியிருக்கிறாள். கோப்புகள் வழியாக மறுபடி ஏற்றச் சொன்னேன், 60க்கு வந்தன. ஆக, ஒரு குறிப்பிட்ட எண்ணை விதியாக வைப்பதைவிட, ஒரே ஃபோனிலிருந்து வந்தவற்றை ஒன்றோடொன்று ஒப்பிடுவதே நம்பகமானது.

இன்னும் உறுதி வேண்டுமென்றால் கோப்புக்குள் எழுதியிருப்பதைப் படிக்கலாம். கேமரா ஒரு வீடியோவை எடுக்கும்போது எடுத்த நேரத்தையும் உள்ளே குறித்துவைக்கும், பல ஃபோன்கள் தங்கள் வகைப் பெயரையும் எழுதும். செயலிகள் புதிதாக உருவாக்கும் பிரதியில் பெரும்பாலும் இவை இருக்காது. மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்தால் எல்லாம் தெரியும். கட்டளை எழுதத் தயங்காதவர்களுக்கு, FFmpeg என்ற இலவச மென்பொருளோடு வரும் ffprobe இருக்கிறது:

```
ffprobe -v error -show_entries stream=codec_name,width,height:format=duration,size,bit_rate:format_tags=creation_time -of default=nw=1 IMG_0412.MOV
```

இதில் `creation_time` என்று வருவது சர்வதேசப் பொது நேரம், உங்கள் கடிகார நேரம் அல்ல. சில மணி நேரம் தள்ளியிருந்தால் பயப்பட வேண்டாம்.

இந்த நேரக் குறிப்புதான், தெளிவான படத்துக்கு அடுத்தபடியாக, அசலை வாங்குவதில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம். குழுவில் வந்த வீடியோக்களை வைத்து, எது முதலில் நடந்தது என்று சட்டைகளையும் கேக்கின் மிச்ச அளவையும் பார்த்து ஊகித்துக்கொண்டிருந்தேன். அசல்கள் வந்ததும் நேர வரிசைப்படி அடுக்கினால் போதும் என்றாயிற்று. பாட்டி மெழுகுவர்த்தியை ஊதிய அந்த ஒரு கணத்தை நான்கு பேர் நான்கு பக்கத்திலிருந்து எடுத்திருந்தது அப்போதுதான் தெரியவந்தது.

என் கணக்கு எப்படி முடிந்தது

ஒரே வழியை எல்லோர்மீதும் திணிக்கவில்லை. 5 பேர் படிவத்தில் ஏற்றினார்கள். அத்தைக்குப் பதிலாகப் பெரியம்மா, இன்னும் இரண்டு பெரியவர்கள், ஆக 3 பேர் "Document" வழியாக அனுப்பினார்கள். தம்பி ஒருவன் 4Kயில் எடுத்த 3 நிமிடம் மட்டும் 510 எம்பி இருந்தது. எப்படியும் அடுத்த வாரம் வீட்டுக்கு வருகிறான் என்பதால் கேபிள் போட்டு எடுத்துக்கொண்டேன். இரண்டும் ஐஃபோனாக இருந்தால் ஏர்டிராப்பும் போதும். அங்கே அனுப்புவதற்குமுன் மேலே "Options" தொட்டு "All Photos Data" என்பதை இயக்கிவிடுங்கள். பத்தாவது ஆள் சித்தப்பா. அவருடைய 4 வீடியோக்களுக்கும் குழுவில் வந்த பிரதிதான் கதி. அவற்றைப் படத்தில் முழுத் திரைக்கு விரிக்காமல், ஒரு மூலையில் சிறு சட்டமாக வைத்தேன். சிறியதாக வைத்தால் குறை தெரிவதில்லை.

எல்லாவற்றையும் கேட்பதற்குமுன் ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு சிறு வீடியோவை முதலில் அனுப்பச் சொன்னேன். அது சரியாக வந்தால்தான் மற்றவை. பத்து வீடியோவை அரை மணி நேரம் செலவழித்து ஏற்றியவரிடம் "எல்லாம் தப்பா வந்திருக்கு, மறுபடி அனுப்புங்க" என்று சொன்னால் அடுத்த முறை ஃபோனை எடுக்க மாட்டார். அனுப்பிய செய்தியும் இவ்வளவுதான்:

"பெரியம்மா, நீங்க உங்க கேமராவுல எடுத்த வீடியோ மட்டும் போதும், வந்தது வேண்டாம். குரூப்ல போடாம எனக்குத் தனியா அனுப்புங்க. Gallery வேண்டாம், Document தொட்டு அனுப்புங்க. முதல்ல ஒண்ணே ஒண்ணு அனுப்புங்க, நான் பார்த்துட்டு சொல்றேன். நான் சொல்ற வரைக்கும் எதையும் அழிக்காதீங்க."

வந்தவற்றை ஒரே ஃபோல்டரில் கொட்டாதீர்கள். மாமாவிடமும் அவர் மகளிடமும் `IMG_0412.MOV` என்று ஒரே பெயரில் ஆளுக்கொரு வீடியோ இருந்தது. ஐஃபோன் 0001 என்று எண்ணிக்கொண்டே போவதால் இரண்டு ஃபோன்கள் ஒரே எண்ணில் சந்திப்பது சகஜம். ஒன்றின்மேல் ஒன்று எழுதப்பட்டால் ஒன்று காணாமல் போகும், போனதே தெரியாது. ஆளுக்கு ஒரு ஃபோல்டர், அதன்மேல் அவர் பெயர் என்று வைத்தேன். உள்ளே இருக்கும் கோப்புகளின் பெயரை மாற்றவில்லை. யாரிடமாவது "இது மட்டும் சரியா வரல" என்று திரும்பக் கேட்க வேண்டியிருந்தால், அவர் ஃபோனில் தேட அந்தப் பெயர்தான் வேண்டும்.

மொத்தம் 35 அசல்கள், 31 நிமிடம், சுமார் 3.3 ஜிபி. குழுவில் 46 வீடியோக்களும் சேர்ந்து 380 எம்பிதான் இருந்தன. இரண்டாவது பிரதியை ஒரு வெளி டிஸ்க்கில் எடுத்துவைத்து, இரண்டிலும் ஒவ்வொரு வீடியோவும் கடைசி வரை ஓடுகிறதா என்று பார்த்த பிறகுதான் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக "இப்ப அழிக்கலாம்" என்று அனுப்பினேன். பெரியம்மா மட்டும் இன்னும் அழிக்கவில்லை. மறுபடி கேட்டாலும் கேட்பேனாம்.